தோழியின் சாட்டை எச்.ஆரிடம் காட்டலாமா?

*"நானும் என் தோழியும் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை செய்கிறோம். எங்கள் மேனேஜர் சாம்பிள் ரூமில் அவளிடம் தவறாக நடந்துகொண்டதை ஏழு வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் எனக்கு எழுதினாள். அதன் பிறகு அவர் அவளுக்கு அனுப்பிய மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். கடைசி மெசேஜ் வந்து ஐந்து வாரம் ஆகிறது. 'யார்கிட்டயும் சொல்லிடாத, வீட்டுக்குத் தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்க' என்றாள். நானும் சொல்லவில்லை. இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை அதே மேனேஜர் அடுத்த வாரம் பையர் மீட்டிங்குக்காக டெல்லிக்கு அழைத்துப் போகிறார். மனசு கேட்கவில்லை. யார் என்று சொல்லாமல் எச்.ஆர். மேடத்திடம் பேசினேன். 'வாயால சொன்னா நான் என்ன செய்ய முடியும்? ஸ்கிரீன்ஷாட் இருந்தா எனக்கு அனுப்புங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்' என்கிறார். அனுப்பலாமா? அந்தப் புதுப் பெண்ணிடமாவது காட்டலாமா?"*

*ஒரு வாசகி, திருப்பூர்*

வணக்கம்.

எச்.ஆர். மேடத்துக்கு அதை இப்போது அனுப்ப வேண்டாம். புதுப் பெண்ணிடமும் காட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணை எச்சரிக்காமல் டெல்லிக்கு அனுப்பவும் கூடாது. எச்சரிப்பதற்கு ஸ்கிரீன்ஷாட் தேவையில்லை. இன்றோ நாளையோ உங்கள் தோழியை நேரில் பார்த்துப் பேசுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

நான் வழக்கறிஞர். சில நிறுவனங்களின் உள்ளகப் புகார் குழுக்களில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். அந்தக் குழுக்களில் என்ன பேசப்பட்டது என்பதை வெளியே சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் வேறு யாருடைய கதையையும் இங்கே உதாரணமாக எடுக்கப் போவதில்லை. உங்கள் தோழியின் சாட்டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் 'அனுப்பு' பொத்தானை அழுத்திய பிறகு அது எங்கெல்லாம் போகும் என்று பார்ப்போம்.

முதலில் அது எச்.ஆர். மேடத்தின் போனுக்குப் போகும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் எச்.ஆர். வேறு, புகார் குழு வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மூத்த பதவியில் உள்ள ஒரு பெண் அதற்குத் தலைமை ஏற்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், கம்பெனியைச் சேராத ஒருவரும் அதில் இருக்க வேண்டும். விசாரிக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத்தான் உண்டு. எச்.ஆர். மேடத்துக்கு உங்கள் ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் அவர் தனியாக விசாரிக்க முடியாது. தன் மேலதிகாரியிடம் எடுத்துப் போவார், அல்லது மேனேஜரையே கூப்பிட்டு 'இப்படி ஒரு பேச்சு வருகிறதே' என்று கேட்பார். அவரே குழுவிலும் உறுப்பினர் என்றால் இன்னும் சிக்கல். புகார் என்று எதுவும் வருவதற்கு முன்பே, உங்கள் தோழி வாயைத் திறப்பதற்கு முன்பே, விசாரிக்க வேண்டியவர் பாதிக் கதையைப் படித்துவிட்டிருப்பார்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு ரகசியத்தைக் காப்பாற்றுகிறது. புகார் கொடுத்தவரின் பெயர், முகவரி, சாட்சிகள், புகாரில் இருப்பவை, விசாரணையில் நடந்தவை என எதையும் வெளியே பரப்பக் கூடாது. விசாரணையைக் கையாளும் பொறுப்பில் உள்ளவர் மீறினால் அபராதம் ஐயாயிரம் ரூபாய். தொகை சிறியதுதான், ஆனாலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு முறையான எழுத்துப் புகாரைச் சுற்றி எழுதப்பட்டது. புகாரே இல்லாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகும் ஸ்கிரீன்ஷாட்டை அது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. ஆக, உங்கள் தோழி எந்த ரகசியத்தை எதிர்பார்த்தாளோ, அதைக் கொடுக்கச் சட்டம் தயாராக இருக்கும் இடத்துக்கு முன்பே அவளுடைய வார்த்தைகள் வெளியே போய்விடும்.

சரி, முறைப்படிப் புகாராகவே போனால்? புகாரை எழுத்தில் ஆறு பிரதிகளாகத் தர வேண்டும், கூடவே ஆதாரங்களும் சாட்சிகளின் பெயர் முகவரியும். வந்த ஏழு வேலை நாட்களுக்குள் அதில் ஒரு பிரதியைக் குழு எதிர்த்தரப்புக்கு அனுப்பும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் இதன் பொருள், நீங்கள் ஆதாரமாகக் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த மேனேஜர் படிப்பார் என்பது.

இப்போது உங்கள் போனைத் திறந்து அந்த ராத்திரி சாட்டை மறுபடி படியுங்கள், அவர் கண்ணால். உங்கள் தோழி அழுதுகொண்டே எழுதியது இருக்கும். வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சு இருக்கலாம். 'முதல்ல நானும் சிரிச்சு ரிப்ளை பண்ணிட்டேன், அதான் தப்பாப் போச்சு' என்று தன்னையே நொந்துகொண்ட வரி இருக்கலாம். இன்னொரு சக ஊழியரைப் பற்றிக் கோபத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்களை நம்பி எழுதியவை அவை. 'அந்தப் பெண்ணே தன் தப்பு என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள், பாருங்கள்' என்று பதில் மனுவில் எழுத அந்த ஒரு வரி அவருக்குப் போதும்.

அதனால்தான் உங்களிடம் இருப்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று, மேனேஜர் உங்கள் தோழிக்கு அனுப்பிய மெசேஜ்கள். இன்னொன்று, உங்கள் தோழி உங்களுக்கு எழுதியவை. முதலாவதுதான் நேரடி ஆதாரம். அதன் அசல் அவள் போனில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது படத்தின் படம். நீங்கள் அதை முந்திக்கொண்டு கொடுப்பதால் வழக்குக்குப் பலம் கூடுவதில்லை. 'இது யாரோ தயார் செய்தது' என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் ஒரு நம்பரை எந்தப் பெயரில் வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே பெயர் மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் அப்படியே ஏற்பதில்லை, போனைக் காட்டுங்கள் என்றுதான் கேட்போம்.

இரண்டாவதற்கு வேறு மதிப்பு உண்டு. சம்பவம் நடந்தபோது நீங்கள் சாம்பிள் ரூமில் இல்லை. அங்கே என்ன நடந்தது என்பதற்கு நீங்கள் சாட்சி ஆக முடியாது. ஆனால் அதே ராத்திரி அவள் உங்களிடம் சொன்னாள் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. 'வேலையில் திட்டியதால் இரண்டு மாதம் கழித்துக் கதை கட்டுகிறாள்' என்று எதிர்த்தரப்பு சொன்னால், நாளும் நேரமும் பதிந்த அந்த மெசேஜ்தான் பதில். எனவே அதை யாருக்கும் காட்டாதீர்கள், ஆனால் அழிக்கவும் செய்யாதீர்கள்.

அடுத்தது, அவள் அனுமதி. நாகரிகத்துக்காகக் கேட்க வேண்டிய ஒன்று என்று இதை நினைத்துவிடக் கூடாது, சட்டமே கேட்கிறது. பாதிக்கப்பட்டவர் தானே புகார் கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், விஷயம் தெரிந்த இன்னொருவர் அவருக்காகக் கொடுக்கலாம் என்று 2013-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். மனநிலை சரியில்லாத நிலையில் இருப்பவர், இறந்துபோனவர் போன்றவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. உங்கள் தோழி தினமும் வேலைக்கு வருகிறாள், தானே முடிவெடுக்கக் கூடியவள். அவள் கையெழுத்து இல்லாமல் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக் குழு விசாரணையைத் தொடங்க முடியாது. விஷயம் கம்பெனி முழுக்கப் பரவியிருக்கும், விசாரணை மட்டும் நடக்காது. எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான முடிவு வேறு இல்லை.

தோழியிடம் எப்படிக் கேட்பது? 'உன் சாட்டைக் காட்டட்டுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். யாரிடம், எதை, காட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்று எதுவுமே தெரியாமல் யார்தான் சரி என்பார்? கம்பெனிக்கு வெளியே, அவளுக்குப் பழக்கமான இடத்தில் உட்காருங்கள். வாட்ஸ்அப்பில் இந்தப் பேச்சு வேண்டாம். முதலில் நீங்கள் எச்.ஆரிடம் பேசியதைச் சொல்லிவிடுங்கள். அது அவளுக்கு வேறு வழியில் தெரியவந்தால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள். ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்:

"நான் எச்.ஆர். மேடம்கிட்ட பேசினேன். உன் பேரைச் சொல்லல, எதையும் காட்டல. அவங்க ஸ்கிரீன்ஷாட் கேட்டாங்க, தரலைன்னு சொல்லப் போறேன். அடுத்த வாரம் அந்தப் புதுப் பொண்ணு அவர்கூட டெல்லி போறா. உன்னைப் பத்திச் சொல்லாம அவளைக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லப் போறேன். புகார் குடுக்கணுமா வேண்டாமாங்கிறது உன் முடிவு. குடுக்கறதா இருந்தா நான் சாட்சிக்கு வர்றேன். வேண்டாம்னா இந்த சாட் என் போனை விட்டு வெளிய போகாது."

சொல்லிவிட்டு அவளுக்கு நேரம் கொடுங்கள். நேரம் இருக்கிறது. கடைசியாகச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது சட்டம். தொடர்ந்து நடந்தவற்றில் கடைசியாக நடந்ததிலிருந்துதான் கணக்கு. கடைசி மெசேஜ் வந்து ஐந்து வாரம் என்றால் இன்னும் ஏறக்குறைய எட்டு வாரம் கையில் உள்ளது. ஆனால் சாம்பிள் ரூமில் நடந்தது தனி, பிறகு வந்த மெசேஜ்கள் தனி என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏழு வாரத்திலிருந்தே எண்ணுவேன். அப்படி எண்ணினாலும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். அவள் யோசிக்கட்டும், இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு முடிவுக்கு வரட்டும்.

அவளுக்கு வீட்டைப் பற்றிய பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தைத் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பூரில் ஒரு பெண் ராத்திரி ஷிப்மெண்ட் வேலைக்கு நின்றுவிட்டு வீட்டுக்குப் போகும்போது என்னென்ன கேள்விகள் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சில விஷயங்கள் தெரிந்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையலாம். புகார் கொடுத்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லும் வேலை குழுவுக்குக் கிடையாது. விசாரணை நடக்கும்போதே அவளையோ மேனேஜரையோ வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லியும், மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்டும் எழுத்தில் மனு கொடுக்கலாம். அந்த விடுப்பு அவளுக்கு வழக்கமாக உள்ள விடுப்பில் கழியாது. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனாலும், அதை மட்டும் வைத்துப் பொய்ப் புகார் என்று அவள்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சிரித்து ரிப்ளை பண்ணியதைப் பற்றி அவள் கவலைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: மேலதிகாரியின் மெசேஜுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறது, அது சம்மதம் ஆகாது. அவளே முதல் நாளே அதைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கிவிட்டால் அதில் எதிர்த்தரப்புக்குப் பிடிப்பு இருக்காது. மறைத்து, அதை அவர் எடுத்துக் காட்டும்போதுதான் பிரச்சினை.

இப்போது டெல்லி போகும் பெண். உங்கள் மனசைக் குடைவது இதுதான், சரியாகவே குடைகிறது. அவளிடம் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. அதிர்ச்சியில் தன்னோடு ஹாஸ்டலில் இருப்பவளிடம் சொல்வாள், அம்மாவிடம் சொல்வாள், அல்லது பயந்துபோய் மேனேஜரிடமே ஏதாவது கேட்டுவிடுவாள். உங்கள் தோழியின் பெயர் ஒரே நாளில் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் புதுப் பெண்ணுக்குத் தேவைப்படுவது உங்கள் தோழி யார் என்பதோ அன்று என்ன நடந்தது என்பதோ இல்லை. தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

அதை நீங்களே, உங்கள் வாயால், ஒரு மூத்த ஊழியராகச் சொல்லலாம். வெளியூர் பயணத்தில் மேலதிகாரியின் அறைக்கு வேலை பேசப் போகாதே. பேச வேண்டுமானால் ஹோட்டல் லாபியில் உட்காரச் சொல். அறை வேறு தளத்தில் கிடைக்குமா என்று முன்பே டிராவல் டெஸ்க்கில் கேள். ராத்திரியில் மெசேஜ் வந்தால் காலையில் அலுவலக மெயிலில் பதில் சொல். எதுவாவது சரியில்லை என்று பட்டால் எனக்கு உடனே கூப்பிடு, நேரம் பார்க்காதே. இவ்வளவு போதும். 'ஏன் அக்கா, அவர் அப்படிப்பட்டவரா?' என்று கேட்டால், 'எனக்குக் காரணம் இருக்கு, அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல' என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை.

இப்படி எச்சரித்தால் மேனேஜர் அவதூறு வழக்குப் போடுவாரோ என்ற பயம் உங்களுக்கு வரலாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறு பற்றியது. ஒருவரின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு அவருக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அவதூறு ஆகாது என்று அதே பிரிவில் விதிவிலக்கு உண்டு. பொறுப்பில் இருப்பவரிடம் நல்லெண்ணத்தோடு குற்றச்சாட்டைச் சொல்வதற்கும் விதிவிலக்கு உண்டு. சம்பந்தப்பட்ட ஒருவரிடம், தேவையான அளவுக்குச் சொல்வதுதான் இந்த விதிவிலக்குகளுக்குள் வரும். பிரிவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் வராது. ஆதங்கம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் குரூப் பக்கம் போகவே போகாதீர்கள்.

எச்.ஆர். மேடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் வேண்டாம், மெயிலில் எழுதுங்கள். ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் தர இயலாது, அனுமதி கிடைத்தால் முறைப்படிக் குழுவிடம் தருவேன் என்று ஒரு வரி. உள்ளகப் புகார் குழு உறுப்பினர்களின் பெயர்களையும் தொடர்பு விவரங்களையும் அனுப்புங்கள் என்று இன்னொரு வரி. குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைப்பதும், இதுபற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துவதும் கம்பெனியின் கடமை. உங்கள் நோட்டீஸ் போர்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, பெண் ஊழியர்கள் வெளியூர் போகும்போது தனியாக ஒரே ஒரு ஆண் அதிகாரியோடு அனுப்பாமல் இன்னொருவரையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று பொதுவாகக் கேளுங்கள். 'வாயால சொன்னா நான் என்ன செய்ய முடியும்' என்றாரே, இதை அவரால் செய்ய முடியும். இதற்கு யாருடைய ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். குழுவே இல்லை என்று தெரியவந்தால், அல்லது புகார் முதலாளிமேலேயே என்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

தோழி 'சரி, கொடுக்கிறேன்' என்றால், ஆதாரத்தை எடுக்க வேண்டிய போன் அவளுடையது. மேனேஜரோடு உள்ள சாட்டில் மறையும் மெசேஜ் வசதி போட்டிருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். அதில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவுகள் உண்டு. 90 நாள் போட்டிருந்தால் மெசேஜ்கள் இன்னும் இருக்கும், ஆனால் சில வாரங்களில் ஒவ்வொன்றாகப் போய்விடும். இப்போது அந்த வசதியை அணைத்தாலும் ஏற்கெனவே வந்தவை நிற்காது. அதனால் அவள் முடிவெடுப்பதற்கு முன்பே, புகார் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று, அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய மெசேஜ்களை இனி அவர் தன் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் அழித்துவிட முடியாது. அனுப்பி இரண்டு நாள் சொச்சத்துக்குள்தான் அது முடியும்.

படம் எடுக்கும்போது பெயருக்குப் பதில் நம்பர் தெரிய வேண்டும்; தொடர்பு விவரப் பக்கத்தையும் ஒரு படம் எடுக்கலாம். தேதி தெரியும்படி மேலிருந்து கீழே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும், ஒரு படத்தின் கடைசி மெசேஜ் அடுத்த படத்தின் முதலில் வருகிற மாதிரி. `Export chat` கொடுத்து முழு உரையாடலையும் தன் மெயிலுக்கே அனுப்பி வைக்கலாம். எதையும் வெட்டக் கூடாது, கலர் பூசக் கூடாது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத குடும்ப விஷயம் நடுவில் இருந்தால் வெட்டுவதற்குப் பதிலாக, குழுவுக்குத் தரும் பிரதியில் அந்த இடத்தை மறைத்து, மறைத்திருக்கிறேன் என்று எழுதியே கொடுக்கலாம். தேவைப்பட்டால் மூலத்தைத் தலைவரிடம் போனில் காட்டத் தயார் என்றும் சேர்க்கலாம். சொல்லாமல் வெட்டினால், வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதே விசாரணையின் பேச்சாகிவிடும். போனை மாற்ற வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம். குழு விசாரணையில் நீதிமன்றம் போலச் சான்றிதழ் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆனால் விஷயம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போனால், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியமின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வைக்க வேண்டும். அப்போது அந்த போன் கையில் இருப்பது மிக முக்கியம்.

உங்கள் போனில் இருப்பதில் எதைக் கொடுப்பது என்பதை அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நான் பரிந்துரைப்பது அந்த முதல் ராத்திரியின் மெசேஜ்கள் மட்டும். அதுவும் சாட்சியாகக் குழு உங்களைக் கூப்பிடும்போது, நீங்களே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எந்தெந்தப் படம் என்று ஒரு தாளில் எழுதி, அவளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தோழிகளுக்குள் இது எதற்கு என்று தோன்றும். விசாரணை நீளும்போது, 'இதையும் காட்டினாயா?' என்ற வருத்தம் உங்கள் இருவருக்கும் நடுவில் வராமல் இருக்கத்தான்.

அவள் 'வேண்டாம்' என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி கேட்காதீர்கள். காலக்கெடு நெருங்கும்போது ஒரே ஒரு தடவை நினைவுபடுத்தலாம். எட்டு மாதம் கழித்து, வேலையை விட்ட பிறகு, அவளுக்கே சொல்லத் தோன்றலாம். குழுவின் கெடு முடிந்திருந்தாலும் போலீசில் புகார் கொடுக்கும் வழி வேறு. பாலியல் துன்புறுத்தல் நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் குற்றம். அப்போதும் உங்கள் போனில் அந்த ராத்திரியின் மெசேஜ் இருப்பது அவளுக்கு உதவும்.

அவள் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாத சூழ்நிலைகள் இரண்டு உண்டு. நீங்கள் இருக்கும் ஊரையும் தொழிலையும் நினைத்து இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவர் என்றால் கணக்கே வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098-க்குக் கூப்பிட்டாலும் வழிகாட்டுவார்கள். வேலைக்குச் சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்ன பெண்கள் இருக்கக் கூடும் என்பதால், டெல்லி போகும் பெண் விஷயத்தில் இதை மனதில் வையுங்கள். இன்னொன்று, உங்கள் தோழி உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி எழுதினாலோ, மேனேஜர் அவளை மிரட்டுகிறார் என்று தெரிந்தாலோ, ரகசியம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அப்போதும் எச்.ஆர். மேடத்திடம் போக வேண்டியதில்லை. அவள் அக்காவோ, அவள் நம்பும் வேறு யாரோ, அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போய் நிற்கக் கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் என்றால் 104, பெண்களுக்கான உதவி எண் 181.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எச்.ஆர். மேடத்திடம் நீங்கள் பேசிய தேதி, நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் என்று சொல்லாவிட்டாலும், கம்பெனிக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அதுதான் பதிவு. அடுத்த வாரப் பயணத்தில் ஏதாவது நடந்து, 'எங்களுக்கு எதுவுமே தெரியாது' என்று யாராவது சொன்னால் அந்தத் தாள் தேவைப்படும்.